கையில் மூன்று தடிப்பு, மெத்தையில் ஒரு கறுப்புப் புள்ளி

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றின் மூன்றாம் மாடி. 10-க்கு 12 அடி அறை. இரண்டு இரும்புக் கட்டில், இரண்டு தேங்காய்நார் மெத்தை, சுவரில் ஒரு தினசரிக் காலண்டர். விடிந்ததும் ஒருவர் முழங்கைக்கு மேலே சொறிந்தபடி எழுந்து உட்காருகிறார். விரல் அகல இடைவெளியில் மூன்று தடிப்பு, நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில். பனியனைத் தூக்கிக் கண்ணாடியில் முதுகைப் பார்த்தால் அங்கே இன்னும் நான்கு.

“ராத்திரி கொசு பிடுங்கி எடுத்துடுச்சு மச்சான்.”

“எனக்கு ஒண்ணும் தெரியலையேடா. உன் ரத்தம்தான் அதுக்குப் பிடிச்சிருக்கு போல.”

அன்று மாலையே கொசுவர்த்தி வருகிறது. மறுநாள் காலையில் தடிப்பு ஐந்தாகிறது. அடுத்த வாரம் ஜன்னலுக்கு வலை. தடிப்பு குறையவில்லை. மூன்றாவது வாரம் தோல் டாக்டரிடம் போனால், அவர் கையைப் பார்த்துவிட்டு, “கட்டிலைத் திருப்பிப் பார்த்தீங்களா தம்பி?” என்று கேட்கிறார்.

மேன்ஷன், மாணவர் விடுதி, வாடகை வீடு என்று மூட்டைப்பூச்சி புகுந்த இடங்களில் எல்லாம் கதை ஏறக்குறைய இப்படித்தான் தொடங்குகிறது. கொசு என்று நினைத்துக் கழிக்கும் அந்த மூன்று வாரம்தான் பூச்சிக்கு வேண்டிய அவகாசம். ஒரு கட்டிலில் இருந்தது இரண்டு கட்டிலுக்கும், காலண்டருக்குப் பின்னாலும், சுவர் வெடிப்புக்கும் பரவுவது அந்த இடைவெளியில்தான்.

ஏன் கோடாகக் கடிக்கிறது?

கொசுவுக்கு இறக்கை உண்டு. ஓரிடத்தில் குத்திவிட்டுப் பறந்து வேறெங்கோ உட்காரும். மூட்டைப்பூச்சியால் பறக்கவும் முடியாது, தத்தவும் முடியாது. தூங்குபவரின் மூச்சுக்காற்றும் உடல் சூடும் வரும் திசையை மோப்பம் பிடித்து ஊர்ந்து வந்து, தோலும் துணியும் சந்திக்கும் விளிம்பில் நிற்கிறது. துணியைக் கால்களால் பற்றிக்கொண்டு வாயை மட்டும் தோலில் இறக்குகிறது. பனியன் கைப்பகுதியின் ஓரம், கைலி கட்டிய இடுப்பின் ஓரம், படுக்கை விரிப்பில் அழுந்திக் கிடக்கும் முழங்கையின் பக்கவாட்டு ஆகிய இடங்களில் கடி அதிகம் விழுவது இதனால்தான். புழுக்கம் தாங்காமல் சட்டையில்லாமல் படுப்பவருக்கு முதுகும் சேர்ந்துகொள்கிறது.

குத்திய முதல் இடத்திலேயே நல்ல ரத்தக்குழாய் கிடைத்துவிடுவதில்லை. கிடைக்காவிட்டால் ஊசி போன்ற வாயை உருவி, சற்றுத் தள்ளி மறுபடி குத்திப் பார்க்கிறது. குடித்துக்கொண்டிருக்கும்போதே தூங்குபவர் புரண்டாலும் விலகி நின்று அடுத்த இடத்தில் தொடர்கிறது. வயிறு நிறைய 5 முதல் 10 நிமிடம் ஆகும். ஆக, ஒரே பூச்சியின் ஒரே வேளைச் சாப்பாடு இரண்டு மூன்று தடிப்பாகத் தோலில் பதியலாம். சில சமயம் பல பூச்சிகள் அதே துணி விளிம்பில் வரிசையாக நின்று குடிப்பதும் கோடாகத் தெரியும்.

கோடு இல்லை என்பதால் மூட்டைப்பூச்சி இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கொத்தாகவும் ஒற்றையாகவும்கூடக் கடி விழும். கோடு தெரிந்தால் கட்டிலைச் சோதிக்க அது போதுமான காரணம். அதற்கு மேல் அதை நம்ப முடியாது.

கொசுக்கடியா, இதுவா?

தோலை மட்டும் வைத்து ஊகிக்க வேண்டுமானால் நான்கு கேள்விகள் உதவும்.

முதலாவது, அரிப்பு எப்போது தொடங்கியது? கொசு கடித்த சில நிமிடங்களிலேயே மெத்தென்று வீங்கி அரிக்கும். மூட்டைப்பூச்சியின் எச்சிலில் தோலை மரத்துப்போகச் செய்யும் பொருளும் ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளும் இருப்பதால், கடிக்கும்போது தூக்கம் கலைவதே இல்லை. தடிப்பு சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ கிளம்பும். முதன்முதலாகக் கடிபடும் ஒருவருக்கு இரண்டு வாரம்வரைகூடத் தள்ளிப்போகலாம். பலமுறை கடிபட்டு உடல் பழகிய பிறகு விரைவாக வரும்.

இரண்டாவது, எந்த நேரத்துக் கடி? மாலையில் விளக்கு வைக்கும் நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே கணுக்காலில் அரித்தால் கொசுவைச் சந்தேகிக்கலாம். படுக்கும்போது சுத்தமாக இருந்த கை, விடிந்ததும் தடித்திருந்தால் படுக்கையைச் சந்தேகிக்க வேண்டும். மூட்டைப்பூச்சிக்கு விருப்பமான வேளை விடியலுக்கு முந்தைய ஆழ்ந்த தூக்க நேரம்.

மூன்றாவது, எங்கே? கொசு மெல்லிய துணியையும் துளைத்துக் கடிக்கும். கடிகள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். மூட்டைப்பூச்சி பெரும்பாலும் துணிக்கு வெளியே தெரியும் தோலில்தான் கை வைக்கும். கை, தோள், கழுத்து, முகம், திறந்த முதுகு இவைதான் அதன் இடங்கள்.

நான்காவது, எத்தனை நாள் இருக்கிறது? கொசுக்கடித் தடிப்பு பலருக்கு ஓரிரு நாளில் அமுங்கிவிடும். மூட்டைப்பூச்சிக் கடி நடுவில் சிவந்த புள்ளியோடு ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம்கூட நிற்கும்.

இவ்வளவும் ஊகம்தான். கடியை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்வது தோல் டாக்டருக்கே கடினம். ஒரே கடிக்கு ஒவ்வொரு உடலும் ஒவ்வொரு விதமாகப் பதில் தருகிறது. சிலருக்குத் தடிப்பே வருவதில்லை. அந்த மேன்ஷன் அறையில் “எனக்கு ஒண்ணும் தெரியலையே” என்ற நண்பரையும் அதே பூச்சிகள் கடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். அவர் தோல் சொல்லவில்லை, அவ்வளவே.

குழப்புவதற்கு வேறு சிலவும் உண்டு. காணாக்கடி என்று கிராமத்தில் சொல்லும் ஒவ்வாமைத் தடிப்பு, பெயரில் கடி இருந்தாலும் பூச்சிக்கடி அல்ல. காலையில் முதுகில் இருந்த தடிப்பு மாலையில் அங்கே மறைந்து தொடையில் கிளம்பினால் அது காணாக்கடி. பூச்சிக்கடித் தடிப்பு இடம் மாறாது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, அந்தரங்க உறுப்புகள் என்று அரித்து, ராத்திரியில் தாங்க முடியாமல் போய், வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றினால் அது சொறி சிரங்காக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு, கட்டிலைச் சுத்தம் செய்து பயனில்லை. பூனை, நாய் உள்ள வீட்டில் கணுக்காலைச் சுற்றி மட்டும் கடி இருந்தால் உண்ணிப்பூச்சிகளையும் தெள்ளுப்பூச்சியையும் பார்க்க வேண்டும்.

சாட்சி கட்டிலில் இருக்கிறது

தோலில் முடியாத தீர்ப்பைக் கட்டில் தந்துவிடும். வேண்டியவை ஒரு டார்ச் லைட், பழைய ஏடிஎம் அட்டை ஒன்று, வெள்ளைத்தாள், ஈரப் பஞ்சு. பகலிலேயே பார்க்கலாம். விளக்கை அணைத்துவிட்டுப் பதுங்கியிருக்கத் தேவையில்லை.

தலைமாட்டிலிருந்து தொடங்க வேண்டும். மெத்தையின் ஓரத் தையலை விரலால் பிரித்துக்கொண்டே நான்கு பக்கமும் சுற்றி வர வேண்டும். பிறகு மெத்தையைத் தூக்கிக் கட்டிலைக் கவிழ்த்து, சட்டங்கள் சேரும் மூட்டுகள், திருகாணித் துளைகள், இரும்புக் குழாயின் திறந்த முனைகள், பிளைவுட் பலகையின் அடிப்பக்கம் என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நாடாக் கட்டிலாக இருந்தால் நாடா குறுக்கே மடியும் ஒவ்வொரு இடமும் சந்தேகத்துக்குரியது. ஏடிஎம் அட்டையின் விளிம்பை இடுக்கில் நுழைத்து இழுத்தால், உள்ளே இருப்பது கீழே விரித்த வெள்ளைத்தாளில் விழும்.

தேட வேண்டியவை நான்கு. வளர்ந்த பூச்சி ஆப்பிள் விதை அளவு, 5 முதல் 7 மில்லிமீட்டர், பழுப்பு நிறம், தாள்போலத் தட்டை. ரத்தம் குடித்திருந்தால் உப்பிச் சிவந்து நீண்டிருக்கும். குஞ்சு வெளுத்து, கண்ணாடிபோல இருக்கும். தோல் உரித்த கூடுகள் வெளிறிய பழுப்பில், காற்றில் பறக்கும் அளவுக்கு லேசாக இருக்கும். முட்டை 1 மில்லிமீட்டர், வெள்ளை, மரத்திலோ துணியிலோ ஒட்டிக்கொண்டிருக்கும்.

பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது இவை எதுவும் அல்ல, கறுப்புப் புள்ளிதான். பேனா முனையால் தொட்டு வைத்தாற்போல மெத்தைத் தையலோரம் வரிசையாக இருக்கும். அது செரித்த ரத்தத்தின் கழிவு. ஈரப் பஞ்சால் தேய்த்தால் மை கரைவதுபோல் பழுப்பாக இழுபடும். இழுபடாவிட்டால் அது வெறும் அழுக்கோ பூஞ்சையோ. படுக்கை விரிப்பில் சின்னச் சின்ன ரத்தக்கறையும், பூச்சி பெருகிய அறையில் கனமான ஒரு புளித்த நெடியும் சேர்ந்தால் இனிச் சந்தேகத்துக்கு இடமில்லை.

கட்டிலில் தென்பட்டால் சுற்றிலும் 5, 6 அடிக்குள் உள்ள எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். காலண்டரின் பின்புறம், ஆணி அடித்த துளை, ஸ்விட்ச் பெட்டியின் விளிம்பு, பிளாஸ்டிக் நாற்காலியின் அடிப்பக்கம், கட்டிலுக்குக் கீழே தள்ளிவைத்த டிராவல் பேக். பெரும்பாலான பூச்சிகள் சாப்பாட்டுக்கு அருகிலேயே குடியிருக்கும்.

மருந்து அடித்தும் ஏன் போகவில்லை?

கடையில் வாங்கிய ஸ்ப்ரேயை அடித்து, நாலைந்து பூச்சி செத்து விழுவதைப் பார்த்து நிம்மதியடைந்து, பதினைந்து நாளில் மறுபடி கடிபடுவது பலரின் அனுபவம். இதற்குப் பூச்சியின் வாழ்க்கைக் கணக்கில் விடை இருக்கிறது.

பெண் பூச்சி நாளொன்றுக்கு ஒன்று முதல் ஐந்து முட்டை இடுகிறது. முட்டை 6 முதல் 10 நாளில் பொரியும். குஞ்சு ஐந்து முறை தோல் உரித்து வளர்கிறது. ஒவ்வொரு முறை உரிக்கவும் ஒரு வயிறு ரத்தம் வேண்டும். சென்னைச் சூட்டில் முட்டையிலிருந்து முட்டையிடும் பருவம் வர ஐந்து வாரம்போல ஆகிறது. பெரும்பாலான ஸ்ப்ரேக்கள் முட்டையைச் சரியாகக் கொல்வதில்லை. இன்று எல்லாப் பூச்சிகளையும் கொன்றாலும், இடுக்கில் ஒட்டியிருக்கும் முட்டைகள் பத்து நாளுக்குள் பொரிந்து அடுத்த தலைமுறையைக் கட்டிலுக்கு அனுப்பும். ஒரே முறை மருந்தடித்து அறையை மீட்க முடியாததன் காரணம் இதுதான்.

இன்னொரு காரணம் பழக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிடிடி வந்தபோது, மூட்டைப்பூச்சி உலகத்தைவிட்டே ஒழிந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். 1947-லேயே ஹவாயின் பேர்ல் ஹார்பர் ராணுவக் குடியிருப்பில் டிடிடி-க்குச் சாகாத பூச்சிகள் தென்பட்டன. இந்தியாவில் மலேரியாவுக்காக வீட்டுச் சுவர்களில் டிடிடி அடித்தபோது தொடக்கத்தில் மூட்டைப்பூச்சியும் சேர்ந்து செத்ததில் மக்களுக்கு மகிழ்ச்சி. பூச்சி எதிர்ப்பு பெற்ற பிறகு மருந்து அதைக் கொல்லாமல் எரிச்சலூட்டி வெளியே விரட்டியது. மருந்தடித்தால் மூட்டைப்பூச்சி கூடுகிறது என்று சொல்லிப் பல ஊர்களில் வீட்டுக்குள் விட மறுத்தார்கள். இன்று கொசுவர்த்தியிலும் கடை ஸ்ப்ரேயிலும் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகளுக்கும் பல நாடுகளின் மூட்டைப்பூச்சிகள் அதேபோலப் பழகிவிட்டன. அறை முழுக்கப் புகையும் புகைமருந்தோ, பூச்சி ஒளிந்திருக்கும் இடுக்குக்குள் போவதே இல்லை. கரப்பானுக்குத் தூவும் போரிக் பவுடராலும் பயனில்லை. கரப்பான் அதைத் தின்று சாகிறது. மூட்டைப்பூச்சி ரத்தத்தைத் தவிர எதையும் தின்பதில்லை.

அறையை மீட்கும் முறை

அதே 10-க்கு 12 அறைக்கு வருவோம். பூச்சியை உறுதியாகக் கொல்வது சூடு. 50 டிகிரி செல்சியஸில் வளர்ந்த பூச்சி சீக்கிரம் சாகும். 48 டிகிரி என்றால் முட்டையும் சாக 90 நிமிடம் ஆகும். கீழே சொல்லும் எல்லா வேலையும், அந்தச் சூட்டை எந்தெந்தப் பொருளுக்கு எப்படிக் கொடுப்பது என்பதுதான்.

முதலில் செய்யக்கூடாத ஒன்று. கடி தாங்காமல் பக்கத்து அறையிலோ கூடத்திலோ பாய் விரித்துப் படுக்கப் போகக் கூடாது. துணியோடும் தலையணையோடும் பூச்சியும் உடன் போகும். அறையில் மீந்தவை, ரத்தம் கிடைக்காமல் சில வாரங்களும், சில வேளை இரண்டு மூன்று மாதமும் காத்திருக்கும்.

முதல் நாள் காலையில் துணிகள். விரிப்பு, தலையணை உறை, போர்வை, கட்டிலுக்கு அருகே தொங்கிய சட்டை, கைலி எல்லாவற்றையும் அறைக்குள்ளேயே பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டிவிட வேண்டும். கைகளில் அள்ளிக்கொண்டு மாடிப்படியில் நடந்தால் வழி நெடுகப் பூச்சி உதிரும். 60 டிகிரி வெந்நீர் வரும் வாஷிங் மெஷின் இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் பருத்தித் துணிகளைக் கைபொறுக்காத வெந்நீரில் அரை மணி நேரம் மூழ்கவைத்துத் துவைக்கலாம். வெந்நீர் ஆகாத துணிகளை இஸ்திரி போட வேண்டும். தையல், மடிப்பு, காலர் ஆகியவற்றில் பெட்டியை நிறுத்தி நிதானமாகத் தேய்க்க வேண்டும். சுத்தமானவை புதுப் பைக்குள் போய்விட வேண்டும். பழைய பைக்குத் திரும்பக் கூடாது.

செருப்பு, பை, புத்தகம் போன்றவற்றுக்கு மொட்டை மாடி. கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கொஞ்சமாகப் போட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டி, சித்திரை வெயிலில் உச்சிவேளையில் தளத்தின் மேல் பரப்பி வைத்தால் உள்ளே 50 டிகிரியைத் தாண்டும். பையை அடைத்துத் திணித்தால் நடுவில் சூடு ஏறாது. நடுவில் ஒரு சிறிய வெப்பமானியை வைத்துப் பார்ப்பது நல்லது. 50-ஐ எட்டி இரண்டு மணி நேரமாவது அங்கே நிற்க வேண்டும். மார்கழி வெயிலை இதற்கு நம்பக் கூடாது.

மெத்தையை வெயிலில் போடுவது நம் வீடுகளில் வழிவழியாக வரும் பழக்கம். ஆனால் 4 அங்குல மெத்தையின் மேற்புறம் சுட்டாலும் உட்புறம் அவ்வளவு சூடாவதில்லை. பூச்சிகள் நிழல் பக்கம் நகர்ந்துகொள்ளும். சில மாடித் தளத்தில் இறங்கிப் பக்கத்து வீட்டு மெத்தையைத் தேடும். மெத்தைக்கு இரண்டு வழி. நீராவிக் கருவி கிடைத்தால் தையல் ஓரமாக, நொடிக்கு ஓர் அங்குலம் என்று மெதுவாக நகர்த்தலாம்; வேகமாக ஊதினால் பூச்சி பறந்து விழுமே தவிரச் சாகாது. இன்னொன்று, ஜிப் வைத்த முழு உறைக்குள் மெத்தையை அடைத்து, ஜிப் முனையையும் டேப் போட்டு ஒட்டி, ஒரு வருடம் கழற்றாமல் விடுவது. உள்ளே இருப்பவை பட்டினியில் சாகும். பூச்சி மண்டிய கிழிந்த மெத்தையைத் தூக்கிப் போடுவதென்றால் பிளாஸ்டிக்கில் சுற்றி, யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி கிழித்துப் போட வேண்டும்.

இரும்புக் கட்டிலைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோய், கொதிக்கும் நீரைக் கெட்டிலிலிருந்து ஒவ்வொரு மூட்டிலும் குழாய் முனையிலும் சற்று நேரம் நின்று ஊற்ற வேண்டும். தாத்தா காலத்து வைத்தியம்தான், ஆனால் இரும்புக்கு இதைவிட மலிவான வழியில்லை. கொதிநீர் தொட்ட இடத்தில் முட்டையும் மிஞ்சாது. தடித்த மரக்கட்டிலில் நீர் உள்ளே இறங்குவதற்குள் ஆறிவிடும், மரமும் நெளியும். மரத்துக்குப் பழைய டூத் பிரஷ்ஷும் சோப்பு நீரும் கொண்டு முட்டைகளைத் தேய்த்தெடுத்து, பிறகு நீராவி கொடுப்பது மேல். ஸ்விட்ச் பெட்டி அருகில் நீரும் வேண்டாம், நீராவியும் வேண்டாம்.

காலண்டரைக் கழற்றி, ஆணித் துளைகளையும் சுவர் வெடிப்புகளையும் ஒயிட் சிமென்ட் வைத்து அடைக்க வேண்டும்.

இனிக் கட்டிலைத் திரும்பப் போடும்போது சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போட வேண்டும். விரிப்பும் கொசுவலையும் தரையைத் தொடக் கூடாது. அப்போது பூச்சி ஏற நான்கு கால்களைத் தவிர வழியே இல்லை. அந்த நான்கு கால்களையும் நான்கு கிண்ணங்களில் வைக்க வேண்டும். எறும்புக்காக அலமாரிக் கால்களை நீர்க் கிண்ணத்தில் வைத்த வீடுகளுக்கு இது புதிதல்ல.

வெளிநாட்டு இணையக் கடைகளில் இதற்கென்றே வழுவழுப்பான பிளாஸ்டிக் கிண்ணங்கள் கிடைக்கின்றன. பூச்சி உள்ளே விழுந்தால் வழுக்கி ஏற முடியாது என்பது கணக்கு. அது குளிர்நாடுகளின் மூட்டைப்பூச்சிக்கு, சைமெக்ஸ் லெக்டுலேரியஸுக்கு, பொருந்தும். தமிழ்நாட்டில் பரவலாக இருப்பது வெப்பநாட்டு இனமான சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ். இதன் கால்களில் பற்றிக்கொள்ளும் நுண்மயிர்கள் அதிகம். வழுவழுப்பான சுவரில் இது ஏறிவிடும் என்பதை 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே இங்கே வெறும் கிண்ணம் போதாது. உள்ளே ஓர் அங்குலம் சோப்பு நீர் ஊற்ற வேண்டும். சோப்பு நீரில் பூச்சி மிதக்காமல் மூழ்கும். நீர் ஆவியாகிவிடாமல் இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

பிறகு அதே கட்டிலில் படுக்க வேண்டும். தூங்குபவர்தான் இரை, பசியோடு சுவரிலிருந்து வருபவை கிண்ணத்தில் விழும்.

பூச்சிக்கொல்லி நிறுவனத்தை அழைப்பதென்றால் இந்த வேலைகளுக்குப் பிறகு அழைப்பது நல்லது. அவர்களிடம் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா, எந்த மருந்து, அதை எங்கே அடிப்பார்கள், எத்தனை மணி நேரம் அறைக்கு வெளியே இருக்க வேண்டும், இரண்டாம் முறை எப்போது வருவார்கள் என்று கேட்க வேண்டும். இடுக்குகளில் குறிபார்த்து அடிப்பவர் தொழில் தெரிந்தவர். 10 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டாம் முறை வருவதாகச் சொல்லாதவர், முட்டையைக் கணக்கில் எடுக்காதவர்.

ஆள் உயிருக்கு ஆபத்தானவை

பூச்சியின் மீதுள்ள ஆத்திரத்தில் சிலர் தானிய மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் கட்டிலுக்குக் கீழே வைக்கிறார்கள். காற்றின் ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் என்ற நச்சுவாயுவைக் கக்கும். சுவர் வெடிப்பு வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் அடுத்த வீட்டுக்குப் போய், தூங்குபவர்களைக் கொன்ற நிகழ்வுகள் வளைகுடா நாடுகளில் நடந்திருக்கின்றன. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலியை ஒழிக்க வீட்டுக்குள் வைத்த விஷத்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் இறந்தனர். மூடிய அறையில் படுத்துத் தூங்கும் இடத்தில் வாயுவாக மாறும் எந்த விஷத்தையும் வைக்கக் கூடாது. வயலுக்கு அடிக்கும் மருந்தை மெத்தையில் தெளிப்பதும், மண்ணெண்ணெயைக் கட்டில் மூட்டுகளில் ஊற்றுவதும் இதே வகைதான். முன்னது தோல் வழியாக உடம்பில் ஏறும். பின்னது ஒரு தீக்குச்சிக்குக் காத்திருக்கும்.

கடித்த இடத்துக்குப் பெரிய வைத்தியம் வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஈரத்துணி வைத்து, கேலமைன் தடவினால் பெரும்பாலும் அடங்கும். தூங்க முடியாத அரிப்புக்கு மருந்துக்கடையில் கேட்டு செடிரிசின் போன்ற மாத்திரை எடுக்கலாம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டாக்டரைக் கேட்டுத்தான். சொறிந்து புண்ணாகிச் சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, முகம் வீங்கி மூச்சு இழுத்தாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டெங்கு, மலேரியா என்று கொசு நோயைச் சுமப்பதுபோல இதுவும் சுமக்குமா என்ற கேள்விக்குச் சென்னையிலேயே ஒரு பழைய வரலாறு உண்டு. 1907-இல் இங்கே பணியாற்றிய டபிள்யூ.எஸ். பாட்டன் என்ற ராணுவ மருத்துவர், காலா அசார் காய்ச்சலின் கிருமி மூட்டைப்பூச்சியின் வயிற்றில் வளர்வதைக் கண்டு, நோயைப் பரப்புவது இதுதான் என்று கருதினார். பல ஆண்டுகள் அந்தச் சந்தேகம் நீடித்தது. 1942-இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் மணல் ஈதான் அதைப் பரப்புகிறது என்று நிரூபித்தபோது மூட்டைப்பூச்சி அந்த வழக்கிலிருந்து விடுபட்டது. இன்றுவரை மனிதர்களிடையே எந்த நோயையும் மூட்டைப்பூச்சி வழக்கமாகப் பரப்புவதாகச் சான்று இல்லை. அரிப்பும், தூக்கம் கெடுவதும், சொறிந்த புண்ணும்தான் அதனால் வரும் துன்பம். ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்ட வீடுகளில் முதியவர்களுக்கு ரத்தசோகை வந்ததும் உண்டு.

எட்டு வாரக் கணக்கு

அறை சுத்தமாகிவிட்டதா என்பதைக் கையில் உள்ள தடிப்பை எண்ணித் தெரிந்துகொள்ள முடியாது. பழைய கடி இரண்டு வாரம் கழித்துக்கூடத் தடிக்கும். வேலை முடிந்த பத்தாம் நாள் புதுத் தடிப்பு கண்டதும் பதறி மறுபடி ஸ்ப்ரே வாங்குபவர்கள், பெரும்பாலும் பழைய கடிக்கு மருந்தடிக்கிறார்கள். எண்ண வேண்டியது கிண்ணத்தில் மூழ்கியவற்றை.

ஒரு தாளில் தேதி போட்டு வாரந்தோறும் எழுத வேண்டும். அந்த மேன்ஷன் அறையில் முதல் வாரம் 9 விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் வாரம் 4, அவற்றில் மூன்று வெளிறிய குஞ்சுகள். தப்பிய முட்டைகள் பொரிந்துவிட்டன என்று அதற்குப் பொருள். அந்த வாரத்தில்தான் கொதிநீர், இஸ்திரி, டார்ச் எல்லாவற்றையும் இரண்டாம் முறை தொடங்க வேண்டும். மூன்றாம் வாரம் 1. பிறகு ஒன்றுமில்லை. ஆனாலும் கிண்ணங்களை எடுத்துவிடக் கூடாது. பட்டினி கிடக்கும் பூச்சி தாமதமாக வரலாம். தொடர்ந்து எட்டு வாரம் கிண்ணமும் விரிப்பும் வெறுமையாக இருந்து, தையலில் புதுக் கறுப்புப் புள்ளியும் இல்லையென்றால் அறை மீண்டது என்று கொள்ளலாம்.

ஐந்தாம் வாரத்தில் திடீரென வளர்ந்த பூச்சிகள் இரண்டு மூன்று விழுந்தால், அவை இந்த அறையில் பிறந்தவையாக இருக்க வாய்ப்புக் குறைவு. அப்போது பக்கத்து அறைக் கதவைத் தட்ட வேண்டும். சுவரின் மறுபக்கத்திலும் மேல் மாடியிலும் கட்டிலைத் திருப்பிப் பார்க்கும்படி மேனேஜரிடம் கேட்க வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கும் அறைதான் மாடி முழுவதற்கும் பூச்சியை வளர்க்கிறது. அழுக்கான அறைக்குத்தான் இது வரும் என்பதும் தவறான எண்ணம். பூச்சிக்கு வேண்டியது குப்பையல்ல, ரத்தம். சாமான் அதிகமுள்ள அறையில் ஒளிய இடம் அதிகம், அவ்வளவுதான்.

அந்த அறைக்கு ஒன்பதாம் வாரம் மூன்றாவது ஆள் வருகிறார். கையில் ஒரு டிராவல் பேக், கயிறு கட்டிய ஒரு சுருட்டு மெத்தை. பழையவர் வாசலிலேயே நிறுத்துகிறார்.

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க. மெத்தையை இங்கேயே பிரிச்சுப் பார்த்துடலாம். பேக்கை நேரா மாடிக்குக் கொண்டுபோங்க, கறுப்புப் பை நான் தர்றேன்.”

டார்ச் லைட் அவர் கையிலேயே இருக்கிறது.